எலக்ட்ரானிக் தராசுகள் 6 வாங்க விலைப்புள்ளி கேட்பு

கோபாலபுரம், பொள்ளாச்சி வட்டம்
12.01.2026

பெறுநர்: பொள்ளாச்சி, கோவை, பாலக்காடு, சித்தூர் பகுதித் தராசு விற்பனையாளர்கள் (ஐவருக்கும் ஒரே கடிதம்)

ஐயா / அம்மையீர்,

எங்கள் தென்னை விவசாயிகள் உற்பத்தியாளர் நிறுவனத்தின் கொள்முதல் களத்துக்கும், அங்கிருந்து 6 கி.மீ., 11 கி.மீ. தொலைவில் உள்ள இரு சேகரிப்பு மையங்களுக்கும் புதிய தராசுகள் தேவை. விலைப்புள்ளியை 28.01.2026 புதன் மாலை 3 மணிக்குள் மூடிய உறையில் களத்து அலுவலகத்தில் சேர்க்கவும். இடையில் பொங்கல் விடுமுறை வருவதால் வழக்கமான பத்து நாளுக்குப் பதில் பதினாறு நாள் தந்திருக்கிறோம்.

இரண்டு ஆண்டுக்கு முன் இதே வேலைக்கு மூன்று கொட்டேஷன் வாங்கினோம். ஒன்றில் வண்டி வாடகை தனி, ஒன்றில் வரி சேர்ந்தது, மூன்றாவதில் முத்திரை யார் பொறுப்பு என்றே இல்லை. விலை குறைவு என்று நினைத்து வாங்கியதுதான் கடைசியில் அதிகம் ஆனது. தவறு எங்களுடையது, கேட்கத் தெரியாமல் கேட்டோம். இந்த முறை படிவத்தை நாங்களே வகுத்திருக்கிறோம். தயவுசெய்து உங்கள் லெட்டர்பேடு வடிவத்துக்கு மாற்ற வேண்டாம்.

என்ன வேண்டும்

அ) 300 கிலோ மேடைத் தராசு, 4 எண்ணம். மேடை 600 x 600 மி.மீ., மேல்தகடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். துல்லிய வகுப்பு III, சரிபார்ப்பு இடைவெளி 50 கிராம்.

ஆ) 1 டன் மேடைத் தராசு, 2 எண்ணம். 1200 x 1200 மி.மீ., நான்கு லோடு செல். வகுப்பு III, இடைவெளி 200 கிராம்.

எல்லாவற்றிலும் லோடு செல் IP67 தரம், மின்சாரம் போனால் குறைந்தது 8 மணி நேரம் ஓடும் பேட்டரி, பிரிண்டர் இணைக்க RS-232 இணைப்பு வேண்டும். இங்கே தேங்காய் நார்த் தூசி எதையும் விடாது. இண்டிகேட்டர் பெட்டி திறந்த வகையாக இருந்தால் ஏற்க மாட்டோம். தயாரிப்பாளர் யாராகவும் இருக்கலாம். மாடல் அங்கீகாரச் சான்றின் நகல் உறைக்குள் இருக்க வேண்டும்.

விலை எழுதும் விதம்

கீழ்க்கண்ட வரிசையில், இதே எண்ணிக்கைக்கு, ஒவ்வொரு வரிக்கும் ஓர் அலகு விலையும் மொத்தமும் எழுதவும்.

1. 300 கிலோ தராசு – 4
2. 1 டன் தராசு – 2
3. ரசீது பிரிண்டர் – 3
4. மூன்று இடங்களுக்கும் கொண்டு வந்து இறக்கி, நிறுவி, முதல் முத்திரை பெற்றுத் தருதல் – ஒரே தொகை
5. ஆண்டு மறுமுத்திரைக்கு ஆயத்தம் செய்து காட்டும் வேலை – 24 (6 தராசு, 4 ஆண்டு)
6. வாரண்டி முடிந்தபின் பராமரிப்பு ஒப்பந்தம், 300 கிலோ தராசு – 12 (4 தராசு, 3 ஆண்டு)
7. அதே, 1 டன் தராசு – 6 (2 தராசு, 3 ஆண்டு)
8. உதிரி: 300 கிலோ தராசுக்கு லோடு செல் – 1, 1 டன் தராசுக்கு லோடு செல் – 1, பேட்டரி – 6, இண்டிகேட்டர் போர்டு – 1

எட்டாவது வரியின் உதிரிகளை உடனே வாங்கப் போவதில்லை. ஐந்தாண்டில் இவ்வளவு போகும் என்பது எங்கள் அனுபவக் கணக்கு. தராசைக் குறைத்துக் கொடுத்து லோடு செல்லில் பிடித்துக்கொள்ளும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு என்பதால் அதையும் கணக்கில் சேர்க்கிறோம். நீங்கள் எழுதும் உதிரி விலை ஐந்தாண்டுக்கும் மாறாது.

தள்ளுபடி தருவதானால் அலகு விலையிலேயே கழித்து எழுதவும். அடியில் தனியாக எழுதும் தள்ளுபடியைக் கணக்கில் எடுக்க மாட்டோம். இலவசம் என்றால் 0 எழுதவும். ஒரு வரியை வெற்றாக விட்டால், மற்றவர்கள் அந்த வரிக்கு எழுதியதில் மிக அதிகமான தொகையை உங்கள் கணக்கில் சேர்த்துப் பார்ப்போம்.

முத்திரைக்கு அரசு வாங்கும் கட்டணத்தை விலையில் சேர்க்காதீர்கள். அது யார் விற்றாலும் ஒன்றுதான். ரசீது காட்டினால் தந்துவிடுவோம்.

எல்லை தாண்டி வருவோருக்கு

தமிழ்நாட்டு விற்பனையாளர் பில்லில் மத்திய, மாநில ஜிஎஸ்டி இரண்டாக வரும். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தால் ஐஜிஎஸ்டி ஒன்றாக வரும். சதவீதம் ஒன்றுதான், எனவே இதனால் யாருக்கும் சாதகமில்லை. ஹெச்எஸ்என் எண்ணும் வரி வீதமும் தனியே எழுதுங்கள். தேங்காய்க்கு ஜிஎஸ்டி இல்லாததால் உள்ளீட்டு வரி எங்களுக்கு முழுவதும் திரும்பாது. அதனால் வரி சேர்த்த தொகையை வைத்தே ஒப்பிடுவோம். இ-வே பில் போடுவது உங்கள் பொறுப்பு.

தராசுகள் தமிழ்நாட்டுக்குள் பயன்படுவதால் இங்குள்ள தொழிலாளர் துறை முத்திரை ஆய்வாளரின் சான்று வேண்டும். பழுது பார்க்க இங்கே உரிமம் பெற்றவர் யார் என்றும் எழுதவும். மலையாளத்தில் எழுதினாலும் படிக்க ஆள் இருக்கிறது. தொகை மட்டும் எண்ணிலும் எழுத்திலும் இருக்கட்டும்.

எல்லோருக்கும் பொதுவான நிபந்தனைகள்

ஆர்டர் தந்த 30 நாளுக்குள் தராசுகள் வர வேண்டும். வாரண்டி 2 ஆண்டு. அது முதல் முத்திரை விழுந்த நாளிலிருந்து தொடங்கும், பில் தேதியிலிருந்து அல்ல. முன்பணம் கிடையாது: தராசு நிறுவிச் சோதனையில் தேறியதும் 70 சதவீதம், முத்திரை வந்ததும் 20, மூன்று மாதம் கழித்து 10. முன்பணம் கேட்டே தீர வேண்டுமென்றால் கேளுங்கள். கேட்கும் தொகைக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியைக் கணக்கிட்டு உங்கள் விலையில் கூட்டிக்கொள்வோம். விலைப்புள்ளி 60 நாள் செல்ல வேண்டும்.

சோதனை இப்படி நடக்கும்: முத்திரையுள்ள 20 கிலோ எடைக்கற்கள் ஐந்தை 300 கிலோ தராசின் ஒவ்வொரு மூலையிலும் வைப்போம். நூறு கிலோவுக்கு ஏறவோ இறங்கவோ 50 கிராமுக்கு மேல் போகக் கூடாது. ஒரு மூலை பிசகினாலும் அந்தத் தராசைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் கேட்டதிலிருந்து ஏதாவது மாறினால் "மாற்றங்கள்" என்று தனித் தாளில் எழுதவும். வேறு மாடலைப் பரிந்துரைப்பதானால் முதலில் கேட்டபடி ஒரு விலை, பிறகு மாற்று விலை. பழைய தராசுகளை எடுத்துக்கொள்ளும் விலை பற்றி இந்த உறையில் பேச வேண்டாம். அதைப் பிறகு தனியாக ஏலம் விடுவோம்.

எப்படித் தேர்ந்தெடுப்போம்

முதலில் தொழில்நுட்பக் குறிப்புகள் பொருந்துகின்றனவா என்று பார்ப்போம். பொருந்தியவர்களில் எட்டு வரியும் கூட்டி, ஜிஎஸ்டி சேர்த்து, யாருடைய ஐந்தாண்டுத் தொகை குறைவோ அவருக்கே ஆர்டர். கற்பனை எண்ணில் சொன்னால்: ஒருவர் 300 கிலோ தராசுக்கு ரூ.22,000, ஆண்டுப் பராமரிப்புக்கு ரூ.3,500 எழுதுகிறார், இன்னொருவர் ரூ.24,500, ரூ.1,500. நான்கு தராசுக்கும் அவற்றின் மூன்றாண்டுப் பராமரிப்புக்கும் ஜிஎஸ்டி நீங்கலாக முதலாமவர் ரூ.88,000 + 42,000 = 1,30,000. இரண்டாமவர் ரூ.98,000 + 18,000 = 1,16,000. இந்த இரு வரிகளில் இரண்டாமவரே முந்துகிறார்.

உறைகளை 28.01.2026 மாலை 3.30க்கு, வந்திருக்கும் விற்பனையாளர்கள் முன் பிரித்து, தொகையை வாசித்துப் பலகையில் எழுதுவோம். அதன்பிறகு விலை குறைக்கச் சொல்லி யாரையும் அழைக்க மாட்டோம். பிரிக்கும் முன் ஓர் உறுப்பினரோ பணியாளரோ தனியாக விலை கேட்டால் சொல்லாதீர்கள், என்னிடம் தெரிவியுங்கள்.

சந்தேகம் இருந்தால் 20.01.2026க்குள், இக்கடிதம் வந்த மின்னஞ்சலுக்கே எழுதவும். கேட்டவர் பெயரில்லாமல் கேள்வியும் பதிலும் 22ஆம் தேதிக்குள் ஐவருக்கும் போகும். தொலைபேசியில் பதில் சொல்ல மாட்டேன். ஒருவருக்குச் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல் போய்விடும். களத்தை நேரில் பார்க்க விரும்புவோர் 19ஆம் தேதி திங்கள் காலை 10 மணிக்கு வரலாம். அன்று கொப்பரை எடை போடும் நாள், தூசி எப்படிப் பறக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
மேலாளர், கொள்முதல் பிரிவு