மொட்டு விரிவதற்குள் சந்தை: சைக்கிள் விளம்பரத்துக்கான படப்பிடிப்புக் குறிப்பு

ஆலங்குடியிலிருந்து கீரமங்கலம் போகும் சாலையில் மாசி மூன்றாம் வாரம் நாம் எடுக்கப்போகும் படங்களுக்கான குறிப்பு இது. ஒளிப்படக் கலைஞருக்கும் அவருடைய உதவியாளருக்கும் எழுதுகிறேன். வண்டியைத் தயார் செய்யும் மெக்கானிக்கும் ஒருமுறை படித்துவிட்டு வர வேண்டும். பாதி வேலை அவர் கையில்தான் இருக்கிறது.

மூன்று படங்கள் போதும். முதல் படம் நாளிதழின் முழுப்பக்கத்துக்கும் பேருந்து நிலையப் பலகைகளுக்கும். மற்ற இரண்டும் கடைகளில் ஒட்டும் சுவரொட்டிக்கு. மூன்றிலும் அசைவு கேமராவுக்குள்ளேயே பதிவாக வேண்டும். வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திப் படமெடுத்துவிட்டு, பிறகு கணினியில் சக்கரத்தை மட்டும் சுழற்றி மங்கலாக்குவதை இந்த முறை நான் ஏற்கப்போவதில்லை. அப்படிச் செய்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். சக்கரம் சுற்றும், செயின் உறைந்து கிடக்கும், பெடல்மேல் கால் சிலைபோல நிற்கும். இந்த விளம்பரத்தைப் பார்க்கப்போகிறவர்கள் தினமும் சைக்கிள் மிதிக்கிறவர்கள். எது பொய் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் அவர்கள் கண்ணுக்கு உறுத்திவிடும்.

ஓட்டுபவர் அந்தப் பக்கத்து ஊர்க்காரராகவே இருக்கட்டும். ஐம்பது வயதைத் தாண்டிய பெண். மாடல் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் உண்டு. புதுக்கோட்டையில் 1991-இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்ட பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் பலர் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்கள். பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. அன்று இருபது வயதில் மிதிக்கப் பழகியவருக்கு இன்று ஐம்பத்தைந்து வயது இருக்கும். நம்முடைய வண்டியும் பார் வைத்த வண்டிதான். அந்தத் தலைமுறைப் பெண் அதில் ஏறும் விதத்தை யாருக்கும் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது. இடது காலைப் பெடலில் ஊன்றி, இரண்டு தப்படி தள்ளி, வலது காலைச் சேலையோடு சேர்த்துப் பாருக்கு மேலே சட்டென்று கடத்துவார்கள். அதை நாம் படமெடுக்கப்போவதில்லை. ஆனால் அப்படி ஏறத் தெரிந்தவரின் முதுகு ஓட்டும்போதும் நிமிர்ந்து இயல்பாக இருக்கும். முழுப்பக்கப் படத்தில் அது தெரியும்.

கேரியரில் முல்லை மொட்டு கட்டிய ஈரத்துணி மூட்டை இருக்கும். உண்மையான பூ. அது கீரமங்கலம் பூச்சந்தைக்குப் போயாக வேண்டும். படப்பிடிப்புக்காக ஒருவருடைய ஒரு நாள் பறிப்பு வாடக் கூடாது. ஆகவே ஓட்டுபவரின் சொந்தப் பூவை அவர் வீட்டார் முன்னதாகவே சந்தைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். நம் மூட்டைக்கான மொட்டை அன்றைய விலைக்கு நாமே வாங்கிவிடுகிறோம். படப்பிடிப்பு முடிந்ததும் அதை அவர்களிடமே கொடுத்துவிட வேண்டும்.

முதல் படம்

சாலை ஏறத்தாழ கிழக்கே போகும் ஒரு நேர்த்துண்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். வடக்கு ஓரத்தில் புளியமரங்கள், அவற்றுக்குப் பின்னால் தென்னை. ஓட்டுபவர் சாலையின் இடது ஓரமாகச் சூரியனை நோக்கி வருவார். சைக்கிளின் செயின் வலப்பக்கம் இருப்பதால் கேமரா அவருக்கு வலப்புறம், அதாவது சாலையின் தெற்கு ஓரத்து மண்ணில் நிற்க வேண்டும். படத்தில் வண்டி இடமிருந்து வலமாகப் போகும். வெளிச்சம் வலப்புறத்திலிருந்து வந்து கம்பிகளின் முன்விளிம்பில் விழும். வண்டிக்கும் கேமராவுக்கும் இடையே எட்டு மீட்டர், 85 மி.மீ. லென்ஸ், ஹேண்டில்பார் உயரத்தில் கேமரா.

வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர். பூ மூட்டையோடு போகிறவர் அதற்கு மேல் அவசரப்பட மாட்டார். ஷட்டர் 1/60 விநாடி. இந்த எண்ணை நான் கணக்குப் போட்டே சொல்கிறேன். 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.24 மீட்டர் ஓடும். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு ஒன்றேகால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. அப்படியானால் 1/60 விநாடியில் சக்கரம் சுமார் ஏழரை டிகிரி திரும்பும். முன்சக்கரத்தில் 32 கம்பிகள். இரண்டு கம்பிகளுக்கு இடையே சராசரியாகப் பதினொன்றேகால் டிகிரி. ஒவ்வொரு கம்பியும் தன் இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்கை விசிறிபோல் நிரப்பும். மீதி ஒரு பங்கு வெறுமையாக நிற்கும். சக்கரம் சுற்றுவதும் தெரியும், கம்பி இருப்பதும் தெரியும். பின்சக்கரத்தில் 40 கம்பிகள் என்பதால் அங்கே இடைவெளி 9 டிகிரிதான். விசிறி இன்னும் நெருக்கமாக இருக்கும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள அந்த வேறுபாடு படத்தில் கிடைத்தே ஆக வேண்டும். கணினி மங்கலில் எனக்கு அது ஒருநாளும் கிடைத்ததில்லை.

வண்டியோடு கேமராவையும் திருப்பி எடுக்கும் பேனிங்குக்கு 1/30 வைத்தால் பின்னணி இன்னும் அழகாக இழுபடும் என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் 1/30-இல் ஒரு கம்பியின் தடம் அடுத்த கம்பியின் தடத்தின்மேல் ஏறிவிடும். சக்கரம் சாம்பல் தட்டாகிவிடும். பின்னணி சற்றே இழுபட்டால் போதும். இலைகள் கரையலாம், புளியமரம் புளியமரமாகவே தெரிய வேண்டும். பைக் பந்தயப் படம்போலச் சாலை கோடுகோடாகப் பறந்தால், அமைதியான காலை எங்கே இருக்கும்?

கூர்மையாக இருக்க வேண்டியவை ஃபிரேமும் அவருடைய முகமும் மட்டுமே. பெடல்மேல் இருக்கும் கால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கலங்கும். அதைத் திருத்த வேண்டாம். முந்தானை இடுப்பில் செருகியிருக்கட்டும், பறக்கவிடாதீர்கள். செயினில் சிக்கும் என்று தெரிந்த எந்தப் பெண்ணும் முந்தானையைப் பறக்கவிட்டு ஓட்ட மாட்டார்.

இரண்டாவது படம்: சக்கரம்

இங்கே கேமரா அசையக் கூடாது. சாலையோரத்தில் மணல்மூட்டைமேல், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வையுங்கள். சக்கரம் கடந்துபோகட்டும். அதே வேகம், அதே 1/60.

உருளும் சக்கரத்தில் தரையைத் தொடும் இடம் அந்தக் கணத்தில் நின்றுவிடுகிறது. உச்சியோ வண்டியைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் போகிறது. படத்தில் டயரின் உச்சி ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல் இழுபட்டிருக்கும். கீழே தார்ச்சாலையைக் கவ்வும் இடத்தில் டயரின் வெட்டுகள் எண்ணிப் பார்க்கும் அளவுக்குத் தெளிவாக இருக்கும். கம்பிகளும் அப்படியே: கீழே ஊசிபோல, மேலே புகைபோல. சைக்கிள் ஓடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. இந்த ஒரு படத்துக்காக நாற்பது முறை வண்டி கடந்துபோனாலும் சரி, காத்திருப்போம்.

மெக்கானிக்குக்கு: இரண்டு சக்கரத்துக்கும் முந்தின நாளே கோட்டம் எடுத்துவிடுங்கள். ரிம் ஒரு மில்லிமீட்டர் ஆடினாலும் இழுபட்ட படத்தில் விளிம்பு இரட்டையாகத் தெரியும். கம்பிகளைப் பாலிஷ் போட வேண்டாம், உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். முந்தின இரவு வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்திவையுங்கள். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். கம்பிமேல் துளி கட்டாமல் விடியாது. கிளிசரின் கலந்த தண்ணீரைத் தெளிக்கும் பழக்கம் இங்கே வேண்டாம். இயற்கைப் பனித்துளி முதல் இரண்டு ஓட்டத்திலேயே உதிர்ந்துவிடும். ஆகவே அன்றைக்கு முதலில் எடுப்பது இந்தப் படம்தான்.

மூன்றாவது படம்: செயின்

பின்ஃபோர்க்கில் சிறிய கேமராவைக் கவ்வி பொருத்திக் கட்டிவிடுங்கள். ஃப்ரீவீலும் செயினின் கீழ்ப்பகுதியும் தெரிய வேண்டும். செயின் கவரைக் கழற்றக் கூடாது. வாங்குகிறவருக்குக் கவரோடுதான் வண்டி போகிறது. அரைக்கவர் மறைக்காத இடத்தில் தெரிவது தெரியட்டும்.

முன்பல்சக்கரத்தில் 44 பற்கள், ஃப்ரீவீலில் 18. இந்த வேகத்தில் 1/60 விநாடிக்குச் செயின் ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகரும். ஒரு கண்ணியின் நீளம் அரை அங்குலம். ஆகக் கண்ணி தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் கலங்கும். உருளையும் தகடும் பிரிந்தே தெரியும். பின்னால் தார்ச்சாலை ஓடிக்கொண்டிருக்கும். செயினுக்கு எண்ணெய் விட்டு, வெளியே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். பல்லிடுக்கில் கொஞ்சம் கருப்பு இருந்தால் இருக்கட்டும். உழைக்கும் செயின் தங்கச் சங்கிலிபோல மின்னாது. தொய்வு விரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கும் அளவுக்கு இருக்கட்டும். முறுக்கிக் கட்டினால் மிதிப்பவருக்குக் கனக்கும், அது முகத்தில் தெரியும்.

படத்தில் வரும் எழுத்து

மேலே, பெரிய எழுத்தில்: மொட்டு விரிவதற்குள் சந்தை.

கீழே, சிறிய எழுத்தில்: "முன்சக்கரத்தில் 32 கம்பி, பின்சக்கரத்தில் 40. பின்னால்தானே சுமை. பாரில் பேரப்பிள்ளை உட்காரலாம், கேரியரில் மூட்டை உட்காரலாம். பஞ்சர் ஒட்டவும் கோட்டம் எடுக்கவும் உங்கள் ஊர்க் கடையே போதும். இந்தப் படம் வண்டி ஓடும்போதே எடுத்தது."

கடைசி வாக்கியத்தை நிறுவனத்தார் எடுக்கச் சொல்லலாம். நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதை எழுதும் தகுதிக்காகத்தான் இவ்வளவு மெனக்கெடுகிறோம். நிறுவனத்தின் பெயர் வலது கீழ் மூலையில், சக்கரத்தைத் தொடாமல்.

சூரியன் ஆறரையை ஒட்டி எழும். ஏழரைக்குப் பள்ளி வேன்கள் வரத் தொடங்கிவிடும். நமக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். சாலையின் இரு முனையிலும் சிவப்புத் துணியோடு ஒவ்வொருவர் நிற்க வேண்டும். எந்த வண்டியையும் நிறுத்தாதீர்கள். வண்டி வந்தால் நாம்தான் ஒதுங்க வேண்டும். காவல் நிலையத்திலும் ஊராட்சியிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். வெளிச்சம் ஏறினால் லென்ஸின் துளையைச் சிறிதாக்குங்கள், ஷட்டரைத் தொடாதீர்கள்.

ஒவ்வோர் ஓட்டத்துக்கும் அவர் நாற்பது மீட்டர் முன்பிருந்தே மிதித்து வர வேண்டும். நம் முன்னால் வரும்போது வேகம் நிலைபெற்றிருக்கும். ஐந்து ஓட்டத்துக்கு ஒருமுறை அவருக்கு ஓய்வும் தேநீரும் கொடுங்கள். "கொஞ்சம் சிரியுங்கள் அம்மா" என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். சந்தைக்குப் போகும் யோசனையில் இருக்கும் முகம்தான் வேண்டும்.

ஆலங்குடி பேருந்து நிலையத்தில் காலை 4.45-க்குக் கூடுவோம்.