முதல் மட்டை, முதல் பந்து, முதல் பேடு: எதற்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

"வளர்ற பிள்ளைதானே, ரெண்டு சைஸ் பெரிசாவே வாங்கிடலாம்." பள்ளிக்கூடச் சட்டைக்குச் சரிப்படும் இந்தக் கணக்கு கிரிக்கெட் மட்டைக்கு ஆகாது. அக்கா மகனுக்கு ஒன்பது வயதில், அவனுக்கு மிகவும் பெரிதான ஹாரோ சைஸ் வாங்கிக் கொடுத்தவன் நான். கனம் தாங்காமல் வலது கையின் பலத்தில் எல்லாப் பந்தையும் லெக் பக்கமே இழுத்தான். அந்தப் பழக்கத்தை மாற்ற ஒரு வருஷம் ஆனது.

சிறுவர் மட்டைகள் 1 முதல் 6 வரை எண்ணிட்டு வரும், அதற்கு மேல்தான் ஹாரோ. நாலேகால் அடி உயரத்துக்கு 3, நாலரையைத் தாண்டினால் 4 என்று தொடங்கலாம். ஆனால் எண்ணை மட்டும் நம்பாமல் பிள்ளையைக் கடைக்கு அழைத்துப் போங்கள். கைப்பிடியில் மேலே பிடிக்கும் கையால் மட்டும், வலது கை ஆட்டக்காரர் என்றால் இடது கையால், மட்டையை முன்னே நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். பத்து எண்ணுவதற்குள் கை தாழ்ந்தால் வேறு மட்டையைக் கேளுங்கள். ஒரே சைஸிலேயே கனம் மாறும்.

மரம்? காஷ்மீர் வில்லோ போதும். இங்கிலீஷ் வில்லோ மென்மையானது, அடிக்க சுகமானது, விலையும் அதிகம். அடுத்த வருஷமே சைஸ் மாறிவிடும் பிள்ளைக்கு அது வேண்டாம். லெதர் பந்து ஆடப்போகிறார் என்றால், புது மட்டைக்கு ஆளிவிதை எண்ணெயை லேசாகத் தடவி, மரச்சுத்தியலால் சில மணி நேரம் தட்டிப் பதப்படுத்திக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஓரம் பிளந்துவிடும்.

தெருவிலும் மொட்டை மாடியிலும் ஆட டென்னிஸ் பந்து. கார்க் பால் மலிவுதான், ஆனால் மட்டையையும் விரலையும் உடைக்கும், வேண்டவே வேண்டாம். லெதர் பந்து கோச்சிங் சேர்ந்த பிறகு போதும். அதிலும் பெரியவர்களுக்கான பந்து 156 முதல் 163 கிராம். 13 வயதுக்குட்பட்டோருக்கு 133 முதல் 144 கிராமில் தனிப் பந்து உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள்.

பேடைக் கட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். முழங்கால் சில்லு, நடுவில் குவிந்திருக்கும் பகுதியில் சரியாக உட்கார வேண்டும். கடைக்குள்ளேயே நாலு எட்டு ஓடச் சொல்லுங்கள். இரண்டு பேடும் உரசித் தடுக்கினால் ஒரு சைஸ் குறையுங்கள்.

டென்னிஸ் பந்து மட்டும்தான் என்றால் 1,000 ரூபாய்க்குள் மட்டையும் பந்தும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுங்கள், பேடே தேவையில்லை. லெதர் பந்துக்கு 4,000 ரூபாய் வைத்திருந்தால் நான் இப்படிப் பிரிப்பேன்: ஹெல்மெட் 1,200, மட்டை 1,200, பேடு 800, கிளவுஸ் 500, அடிவயிற்றுக்குக் கீழே பாதுகாக்கும் கார்டு 150. மிச்சம் பந்துக்கு. பணம் இடித்தால் மட்டையில் குறைக்கலாம், பேடையும் அகாடமி அண்ணன்களிடம் பழசாக வாங்கலாம். ஹெல்மெட்டும் கார்டும் மட்டும் புதிதாகவே இருக்கட்டும்.