தர்ஷினிக்கு வாழ்த்துகள்: எங்கள் ஆலைக்கு இன்னொரு ஸ்டீம் என்ஜினியர்

எங்கள் செம்பனை எண்ணெய் ஆலையின் உதவிப் பொறியாளர் தர்ஷினி, மலேசிய வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான டோஷ் நடத்தும் இரண்டாம் நிலை ஸ்டீம் என்ஜினியர் தகுதித் தேர்வில் தேறிவிட்டார். எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு இரண்டையும் முடித்துச் சான்றிதழையும் வாங்கிவிட்டார். வாழ்த்துகள், தர்ஷினி.

கைதட்டும் படம் ஒன்றைப் போட்டு இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் தெலுக் இந்தான் வட்டாரத்தில் ஆலை வேலை பார்ப்பவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். தேர்வில் தேறினார் என்பதைவிட, தேர்வுக்குப் படித்ததை அவர் எங்கே கொண்டுபோய்ப் பயன்படுத்தினார் என்பது உங்களுக்கு உதவும்.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இரண்டு வரி. எங்கள் ஆலை செம்பனைப் பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் எரித்துத் தனக்கு வேண்டிய நீராவியைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. அந்த நீராவி முதலில் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தரும். வெளியே வரும்போது அழுத்தம் ஏறக்குறைய 3 பாராகக் குறைந்திருக்கும். அதுதான் ஸ்டெரிலைசருக்குப் போய்ப் பழக்குலைகளை வேகவைக்கிறது. இப்படிப்பட்ட பாய்லரைத் தகுதிச் சான்றிதழ் இல்லாதவர் பொறுப்பில் விட முடியாது. சட்டம் அப்படி. பாய்லர் கூடத்தில் போதிய காலம் வேலை பார்த்ததற்கான சான்று இல்லாமல் தேர்வுக்கு உட்காரவும் முடியாது. அதனால் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் நேராக இங்கே வந்துவிடுவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பழம் அதிகம் வரும் மாதங்களில் இரண்டு ஸ்டெரிலைசர்களுக்கு ஒரே நேரத்தில் நீராவியைத் திறந்துவிடுவது எங்கள் ஆலையில் பழகிப்போன ஒன்று. முற்றத்தில் லாரிகள் வரிசையாக நிற்கும்போது யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? ஆனால் அந்த நிமிடத்தில் நீராவித் தேவை திடீரென்று ஏறும், பாய்லர் டிரம்மில் அழுத்தம் சரியும். அழுத்தம் சரிந்தால் டிரம்முக்குள் இருக்கும் வெந்நீரில் குமிழிகள் பெருகி, கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் உயர்ந்ததுபோல் தெரியும். உண்மையில் தண்ணீர் குறைந்துகொண்டிருக்கும். மட்டம் ஏறுகிறதே என்று தண்ணீர் விடுவதைக் குறைத்தால், அழுத்தம் திரும்பியதும் மட்டம் மளமளவென்று இறங்கும். குழாய்கள் காயும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இது எல்லாப் பாடநூலிலும் உள்ள செய்திதான். தர்ஷினி அதைப் படித்து மனப்பாடம் செய்ததோடு நிற்கவில்லை. இரவு ஷிப்டில் பாய்லர் லாக் புத்தகத்தையும் ஸ்டெரிலைசர் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நேரத்துக்கு நேரம் ஒப்பிட்டார். நீர்மட்டம் ஆட்டம் கண்ட இடங்களில் பெரும்பாலும் இரண்டு ஸ்டெரிலைசர்களும் ஒன்றாகத் திறந்திருந்தன. அதே நேரத்தில், டர்பைனை விட்டு வரும் நீராவி சேரும் பேக் பிரஷர் வெசலிலும் அழுத்தம் விழுந்து, மேக்கப் வால்வு திறந்து, டர்பைனைத் தொடாமலேயே உயரழுத்த நீராவி கீழே போயிருக்கிறது. மின்சாரம் தரவேண்டிய நீராவி வீணாகிறது என்பதையும் அவர் அந்தப் புத்தகங்களிலிருந்தே காட்டினார். புதுக் கருவி வேண்டும், பணம் ஒதுக்குங்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு செய்ததுதான் எனக்குப் பிடித்தது. மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வாங்கி ஒட்டியிருந்தால் இரண்டு நாளில் கிழிந்திருக்கும். அவர் ஸ்டெரிலைசர் ஆபரேட்டர், மூத்த பாய்லர்மேன் என்ற அண்ணன்மார் இருவரிடமும் உட்கார்ந்து, முதல் ஸ்டெரிலைசரில் மூன்று முறையாக ஏற்றும் அழுத்தம் மூன்றாவது உச்சத்தை எட்டி நிலைத்த பிறகே அடுத்ததைத் திறப்பது என்று ஒரு முறை வகுத்தார். அழுத்த மானியில் எந்தக் கோடு வந்தால் கைகாட்டலாம் என்பதைச் சொன்னவர் பாய்லர்மேன்தான். இதை எழுதலாமா என்று தர்ஷினியிடம் கேட்டபோது அவர் விதித்த ஒரே நிபந்தனை, அந்த அண்ணன்மார் இருவரின் பங்கும் தெளிவாக வர வேண்டும் என்பது. எழுதிவிட்டேன்.

இப்போது பரபரப்பான நாட்களிலும் மட்டம் அடங்கி நிற்கிறது. லாரிகளின் வரிசை நீளவில்லை. வேகும் நேரம் மாறவில்லை, திறக்கும் நேரம்தான் மாறியது. அவர் வரைந்த நேர அட்டவணையை வைத்தே புதிதாக வருபவர்களுக்கு நான் பாடம் எடுக்கிறேன்.

வாய்மொழித் தேர்வைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கண்ணாடிக் குழாயில் தண்ணீரே தெரியவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி வந்ததாம். எரிவாயு பாய்லர் என்றால் பர்னரை அணைத்துவிடலாம். எங்களுடையதில் எரிபொருள் ஊட்டுவதை நிறுத்தினாலும் அடுப்புத் தட்டான கிரேட்டில் கிடக்கும் நாரும் ஓடும் எரிந்துகொண்டேதான் இருக்கும். ஊட்டுவதையும் காற்று விசிறியையும் நிறுத்தி நெருப்பை வெளியே இழுக்க வேண்டும், அவசரப்பட்டுக் குளிர்ந்த தண்ணீரை உள்ளே விடக் கூடாது என்று தன் பாய்லரை வைத்தே பதில் சொல்லியிருக்கிறார். சட்டப் பகுதியும் லேசாக இருந்திருக்காது. 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நீக்கப்பட்டது. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் இப்போது எல்லாம் வருகின்றன. எங்களைப் போன்ற பழையவர்கள் பழைய சட்டப் பெயரையே இன்னும் வாயில் வைத்திருக்கிறோம். அவர் இரண்டையும் தெரிந்துகொண்டு போனார்.

"பெண்ணாக இருந்துகொண்டு பாய்லர் கூடத்திலா" என்று ஆச்சரியப்படத் தயாராக இருக்கும் நண்பர்களுக்கு: வேண்டாம். நாரும் சாம்பலும் பறக்கும் இடத்தில் வேலை பார்க்கும் எல்லாரையும் கேட்பதுபோல, மட்டம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அதற்கு அவரிடம் பதில் உண்டு.

பக்கத்து ஆலை மேனேஜர்களுக்கு ஒரு விண்ணப்பம். வாழ்த்து அனுப்புங்கள், வேலை வாய்ப்பு அனுப்பாதீர்கள். அனுப்புவீர்கள் என்று தெரியும், ஆனாலும் கேட்டுவைக்கிறேன். வரும் மாதத்திலிருந்து ஒரு ஷிப்டின் பாய்லர் பொறுப்பு அவர் பெயரில் வருகிறது. தண்ணீரில் கரைந்த காற்றை நீக்கும் டியரேட்டர் இல்லாத எங்கள் பழைய தண்ணீர் ஊட்டும் தொட்டியை எப்படியாவது சூடாக வைத்து, கரைந்த ஆக்ஸிஜனைக் குறைக்க வேண்டும் என்று அவர் ஒரு திட்டத்தோடு வந்திருக்கிறார். இதற்கு நிச்சயம் பணம் கேட்பார். கணக்கை நான் முதலில் பார்க்கிறேன்.

தர்ஷினி, வெள்ளிக்கிழமை காலை ஷிப்ட் மாறும் நேரத்தில் பாய்லர் கூடத்தில் எல்லாரும் சேர்ந்து பசியாறுகிறோம். அண்ணன்மார் இருவரும் ரொட்டி சானாய் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். உங்களுக்கு வேறு ஏதாவது வேண்டுமானால் வியாழக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

#செம்பனை #பாய்லர் #ஸ்டீம்என்ஜினியர் #பேராக்