அப்பாவின் படம்: கண்ணை இறக்கினால் முகம் வந்துவிடும்

வணக்கம். உங்கள் பென்சில் படத்தையும் அதற்கு மாதிரியாக எடுத்துக்கொண்ட புகைப்படத்தையும் அருகருகே வைத்து நிதானமாகப் பார்த்தேன். "அப்பா மாதிரி இல்லை, சித்தப்பா மாதிரி இருக்கிறார் என்று அம்மா சொல்கிறார்" என்று எழுதியிருந்தீர்கள். அம்மாவின் கண் தப்பவில்லை. அதே குடும்பத்து மூக்கு, அதே மீசை, ஆனால் ஆள் வேறு. உறுப்புகளைத் தனித்தனியாக நன்றாகவே போட்டிருக்கிறீர்கள், இடது காதைப் பார்த்து எனக்கே பொறாமை. சிக்கல் அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில்.

இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஸ்கேல் வைத்தேன். உச்சந்தலையிலிருந்து முகவாய் வரை 16 செ.மீ. புகைப்படத்தில் கண்கள் ஏறக்குறைய நடுவில், 8 செ.மீ.யில் இருக்கின்றன. உங்கள் படத்தில் 7-இல். ஒரு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் அது நெற்றியிலிருந்து போன சென்டிமீட்டர். அப்பாவுக்கு முன்வழுக்கை, அகன்ற நெற்றி. அவரை அவராகக் காட்டுவதே அதுதான். அதோடு மூக்கின் அடி சரியான இடத்தில் இருப்பதால், மேலே ஏறிய கண்ணை எட்டிப் பிடிக்க மூக்கு நீண்டுவிட்டது. நீங்கள் மூக்கைத்தான் மூன்று முறை அழித்திருக்கிறீர்கள், தாளில் தடம் தெரிகிறது. பாவம், மூக்கின் மேல் தப்பே இல்லை.

கண் ஏறிப்போவது எல்லாருக்கும் நடப்பதுதான். நாம் பார்ப்பது முகத்தை, மண்டையோட்டை அல்ல. அதனால் நெற்றியும் உச்சியும் கையில் தானாகவே சுருங்கிவிடும்.

அடுத்தது சாய்வு. அவர் தலையை லேசாக வலப்பக்கம் சாய்த்திருக்கிறார். கண்களைச் சாய்வாகப் போட்ட நீங்கள், உதட்டை மட்டம் பார்த்து வைத்ததுபோல நேராகப் போட்டுவிட்டீர்கள். வாய் கோணிக்கொண்டதுபோலத் தெரிவது இதனால்தான். புருவம், கண், மூக்கடி, உதடு ஆகிய நான்குக்கும் மெல்லிய கோடு இழுத்துப் பாருங்கள். இந்தப் புகைப்படத்தில் அவை ஏறக்குறைய ஒரே சாய்வில் ஓடுகின்றன. அப்புறம், முகம் கொஞ்சம் திரும்பியிருப்பதால் தூரத்துக் கண் குறுகலாக இருக்க வேண்டும்: புகைப்படத்தில் பக்கத்துக் கண் 2.6 செ.மீ., தூரத்துக் கண் 2 செ.மீ. நீங்கள் இரண்டையும் ஒரே அளவில் போட்டிருக்கிறீர்கள்.

இப்போது ஷேடிங். தட்டையாக இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், காரணத்தை மட்டும் நான் சொல்கிறேன். படத்தைக் கண்ணை இடுக்கிப் பார்த்தால் முகம் முழுக்க ஒரே சாம்பல். வெளிச்சம் இடது மேற்புறமிருந்து வருகிறது, ஆனால் வலது கன்னமும் இடது கன்னமும் ஒரே கருமையில் இருக்கின்றன. நிழல் எங்கே தொடங்குகிறது என்று நீங்கள் முடிவெடுக்கவில்லை. எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் தேய்த்துவிட்டு, மூக்கைச் சுற்றிக் கருப்புக் கோடு போட்டு ஈடுகட்டியிருக்கிறீர்கள். புகைப்படத்தில் மூக்கின் வெளிச்சப் பக்கத்தில் கோடே கிடையாது. வலது பக்கம் நெற்றிப்பொட்டில் இறங்கி, கன்ன எலும்புக்குக் கீழே திரும்பி, தாடை வரை வரும் ஒரே பெரிய நிழல் இருக்கிறது. முதலில் அதை ஒரே கருமையில் நிரப்புங்கள். கண், மூக்கு எதையும் தொட வேண்டாம். தள்ளி நின்று பார்த்தால் அதுவே முகமாகத் தெரிய வேண்டும்.

கண்ணின் வெள்ளையைத் தாளின் வெள்ளையாகவே விட்டது இன்னொரு பிசகு. விழி ஒரு உருண்டை, அதன்மேல் இமையின் நிழல் விழுகிறது. வெள்ளைப் பகுதிக்கு லேசான சாம்பல் கொடுத்து, இமைக்கு அடியில் இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள். பளிச்சென்ற வெள்ளையைக் கருவிழியின் சிறு புள்ளிக்கும் நெற்றியில் வெளிச்சம் படும் இடத்துக்கும் சேமித்து வையுங்கள்.

விரலால் தேய்ப்பதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்கள். விரலின் எண்ணெய்ப்பசை தாளில் ஏறிவிடும், ஓரங்களெல்லாம் ஒரே மாதிரி மழுங்கிவிடும். முழுப் படத்தையும் எச்பி பென்சிலிலேயே முடித்திருக்கிறீர்கள் போல. அதில் எவ்வளவு அழுத்தினாலும் ஒரு அளவுக்கு மேல் கருமை வராது, தாள்தான் பளபளக்கும். மீசைக்கும் கழுத்து நிழலுக்கும் 4பி எடுங்கள். மீசையையும் முடி முடியாகப் போடாமல், ஒரே கரிய வடிவமாகப் போட்டு ஓரத்தில் மட்டும் நாலைந்து முடி காட்டினால் போதும்.

இந்தத் தாளைத் திருத்த வேண்டாம், அழித்து அழித்து அது களைத்துப் போயிருக்கிறது. புதுத் தாளில் 16 செ.மீ. குறித்து, நடுவில் சாய்வான கண்கோட்டைப் போட்டுத் தொடங்குங்கள். ஷேடிங் இல்லாமல் வெறும் கோட்டுப் படம் முடிந்ததும் கண்ணாடியில் திருப்பிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். அம்மாவிடமும் அதையே காட்டுங்கள், யார் என்று சொல்லாமல்.