பத்தாம் வகுப்பு தமிழ்: இலக்கணமும் கட்டுரையும் – திருப்புதல் தேர்வு, ஆகஸ்ட் 2025

நேரம்: 1 மணி 30 நிமிடம் மதிப்பெண்: 40

எல்லா வினாக்களுக்கும் விடையளிக்க. கடிதத்தில் உங்கள் சொந்தப் பெயரோ பள்ளியின் பெயரோ வரக்கூடாது. வினாவில் தந்துள்ள பெயரையும் முகவரியையும் பயன்படுத்துக.

1. கீழ்வரும் பத்தியில் ஐந்து இடங்களில் வல்லினம் மிக வேண்டும். திருத்தி எழுதுக. (5)

ஏரியை தூர்வாரும் பணி காலையில் தொடங்கியது. வேலைக்கு சென்றவர்கள் கரையில் கிடந்த குப்பையை கூடையில் அள்ளி போட்டனர். வந்த பிள்ளைகள் தண்ணீர் கொடுத்தனர். அந்த பணி முடியப் பத்து நாள் ஆகும்.

2. சேர்த்தெழுதி, நிகழும் மாற்றத்தைக் கூறுக: நாடு + பண், வாழை + இலை, மரம் + கிளை. (3)

3. ஊறுகாய், கரும்பலகை, சுடுசோறு, ஊறிய நெல்: இவற்றுள் வினைத்தொகைகளை மட்டும் எடுத்து முக்காலத்திலும் விரித்தெழுதுக. ‘ஊறிய நெல்’ வினைத்தொகை ஆகுமா? காரணம் தருக. (3)

4. வழுவமைதியின் வகையையும் காரணத்தையும் எழுதுக. (4)
அ) “வாடா கண்ணா, சாப்பிடு” என்று மகளை அழைத்தார் அப்பா.
ஆ) தேர்வு நாளை தொடங்குகிறது.

5. பிழை நீக்குக. (4)
அ) ஒரு அணில் மதிலில் ஓடியது.
ஆ) மாடுகள் வயலில் மேய்ந்தது.
இ) ஒவ்வொரு மாணவர்களையும் அழைத்தார்.
ஈ) நாளை நாங்கள் ஊருக்குப் போனோம்.

6. அயற்கூற்றாக மாற்றுக: “நான் நாளை உங்கள் ஊருக்கு வருவேன்” என்று கயல்விழி என்னிடம் கூறினாள். (3)

7. மருதங்குளத்திலிருந்து நல்லூர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு 34 மாணவர்கள் பேருந்தில் செல்கின்றனர். காலை 8.10 மணிக்கு வந்த பேருந்து, ஜூலை 7 முதல் 8.50 மணிக்கே வருகிறது. பயண நேரம் 25 நிமிடம். பள்ளி தொடங்குவது 9.10 மணி. பழைய நேரத்திற்கே பேருந்தை இயக்க வேண்டி, நல்லூர் பேருந்துப் பணிமனைக் கிளை மேலாளருக்குக் கடிதம் எழுதுக. அனுப்புநர்: கயல்விழி, 12, பிள்ளையார் கோயில் தெரு, மருதங்குளம். (8)

8. ‘எங்கள் ஊர் வாரச்சந்தை’ என்னும் தலைப்பில் ஒன்றரைப் பக்க அளவில் கட்டுரை எழுதுக. குறிப்புகள்: முன்னுரை – கூடும் நாளும் இடமும் – விளைபொருள்களும் விலையும் – பேரம் பேசும் பேச்சு – துணிப்பையும் நெகிழியும் – முடிவுரை. (10)

மதிப்பீட்டாளர்களுக்கு

வினா 1: ஏரியைத், வேலைக்குச், குப்பையைக், அள்ளிப், அந்தப். ‘கிடந்தக் குப்பை’, ‘வந்தப் பிள்ளைகள்’ என்று பலர் எழுதுவார்கள். பெயரெச்சத்தின் பின் மிகாது என்பதைச் சோதிக்கவே அவ்விரு தொடர்களும் வைக்கப்பட்டுள்ளன. தேவையற்ற ஒற்று ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் குறைக்க.

வினா 2: நாட்டுப்பண் (ட் இரட்டித்துப் ப் மிகுந்தது), வாழையிலை (ய் உடம்படுமெய்), மரக்கிளை (ம் கெட்டுக் க் மிகுந்தது).

வினா 3: ஊறிய, ஊறுகின்ற, ஊறும் காய், சுட்ட, சுடுகின்ற, சுடும் சோறு. ‘ஊறிய நெல்’லில் இறந்தகாலம் வெளிப்படையாக நிற்கிறது, ஆகவே அது பெயரெச்சத் தொடர்.

வினா 4: பால் வழுவமைதி (உவப்பு), கால வழுவமைதி (உறுதிப்பாடு). வகைக்கு ஒன்று, காரணத்துக்கு ஒன்று.

வினா 5: ஓர் அணில், மேய்ந்தன, ஒவ்வொரு மாணவரையும், போவோம்.

வினா 6: தான் மறுநாள் எங்கள் ஊருக்கு வருவதாகக் கயல்விழி என்னிடம் கூறினாள். ‘உங்கள்’ என்பதை மாற்றாமல் விடுவதே அதிகம் நேரும் பிழை. தான், மறுநாள், எங்கள் மூன்றுக்கும் தலா ஒரு மதிப்பெண்.

வினா 7: அனுப்புநர், பெறுநர் 1, விளிப்பு, பொருள் 1, செய்தி 4, முடிப்பு, இடம், நாள் 1, உறைமேல் முகவரி 1. உறைமேல் முகவரியை விட்டுவிட்டால் அந்த ஒன்று கிடைக்காது, உள்ளே முகவரி இருந்தாலும் சரி. ‘அன்புள்ள’ என்ற விளி உறவுமுறைக் கடிதத்துக்கு உரியது. இங்கு ‘ஐயா/அம்மையீர்’ வேண்டும். பொருள் ஒரே வரி: ‘காலைப் பேருந்தைப் பழைய நேரத்தில் இயக்க வேண்டுதல் – தொடர்பாக.’

செய்திக்குரிய நான்கு மதிப்பெண்ணில்தான் தரம் பிரியும். ‘பேருந்து சரியாக வருவதில்லை, மிகவும் துன்பப்படுகிறோம்’ என்று மட்டும் எழுதியவருக்கு ஒன்றுக்கு மேல் தரவேண்டாம். மேலாளர் அதை வைத்து எதையும் சரிசெய்ய இயலாது. நன்கு எழுதிய பத்தி இப்படி இருக்கும்: ‘ஜூலை 7 முதல் பேருந்து 8.50 மணிக்கு வருவதால், நாங்கள் 34 பேரும் 9.15 மணிக்கே பள்ளியை அடைகிறோம். நாள்தோறும் ஐந்து நிமிடம் பிந்துகிறது. பேருந்தை மீண்டும் 8.10 மணிக்கே இயக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ 8.50உடன் 25 நிமிடம் கூட்டி 9.15 என்று மாணவர் தாமே கண்டிருந்தால், சிறு எழுத்துப் பிழைகளைப் பொருட்படுத்தாமல் முழு மதிப்பெண் தருக.

வினா 8: முன்னுரை, முடிவுரை 2; உட்தலைப்புகள் 2; கருத்து 4; மொழிநடை 2. குறிப்புகளை அப்படியே வாக்கியமாக்கி நீட்டியதைக் கருத்தாகக் கொள்ளற்க. எந்தக் காய், என்ன விலை, எப்படிக் கேட்டார்கள் என்று சொல்பவருக்கே கருத்துக்குரிய நான்கும்.