பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு: மார்ச் 1 முதல் ஏப்ரல் 15, 2025 வரையிலான திருப்புதல் கால அட்டவணை

தயாரித்தவர்: வகுப்பாசிரியர் (கணிதம்)
படிக்க வேண்டியவர்கள்: மாணவரும் அவருடைய பெற்றோரும்

தம்பி, அறிவியல் செய்முறைத் தேர்வு முடிந்துவிட்டதால், இனி உன் கவனம் முழுவதும் எழுத்துத் தேர்வுகள் மீதே இருக்க வேண்டும். தமிழ் மார்ச் 28, ஆங்கிலம் ஏப்ரல் 2, கணிதம் ஏப்ரல் 7, அறிவியல் ஏப்ரல் 11, சமூக அறிவியல் ஏப்ரல் 15 ஆகிய நாள்களில் நடைபெறுகின்றன. ஏப்ரல் 4 அன்று நடைபெறும் விருப்ப மொழித் தேர்வு உனக்கு இல்லை. இரண்டாம் திருப்புதல் தேர்வில் நீ தமிழில் 78, ஆங்கிலத்தில் 66, கணிதத்தில் 47, அறிவியலில் 75க்கு 41, சமூக அறிவியலில் 70 மதிப்பெண் பெற்றிருக்கிறாய். ஐந்து விடைத்தாள்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மதிப்பெண் எந்த வினாவில், எந்த வரியில் போனது என்று பார்த்த பிறகே இந்த அட்டவணையை எழுதினேன்.

மார்ச் மாதத்தை ஐந்து பாடங்களுக்கும் சமமாகப் பிரிக்கவில்லை. தேர்வு நடக்கும் வரிசைப்படியும் பிரிக்கவில்லை. தேர்வுகளுக்கு இடையே மூன்று அல்லது நான்கு நாள் இடைவெளி கிடைப்பதால், ஒருமுறை வாசித்தால் நினைவுக்கு வந்துவிடும் பகுதிகளை அந்த நாள்களுக்கு விட்டுவிடலாம். கையால் திரும்பத் திரும்பச் செய்து பழக வேண்டிய வரைதல், கணக்கு, வரைபடம் ஆகியவற்றை இடைவெளி நாள்களில் புதிதாகக் கற்றுக்கொள்ள முடியாது. ஆகவே மார்ச் மாதத்தின் காலை நேரத்தில் பெரும்பகுதியை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

நலிந்த பகுதிகள்

கணிதத்தில் 43, 44ஆம் வினாக்கள் இரண்டும் சேர்ந்து 16 மதிப்பெண். நீ பெற்றது 5. அடிப்பக்கம், உச்சிக்கோணம், நடுக்கோடு தரப்பட்ட முக்கோணத்தை வரையும்போது, அடிப்பக்கத்தின் ஒரு முனையில் கீழ்நோக்கி அந்தக் கோணத்தை வரைந்துவிட்டு, அந்தக் கோட்டிற்கு 90° கோட்டை வரைய மறந்துவிடுகிறாய். அந்தச் செங்கோட்டை அடிப்பக்கத்தின் மையக்குத்துக்கோடு வெட்டும் புள்ளிதான் வட்டத்தின் மையம் என்பதால், அது இல்லாமல் அடுத்த எந்தப் படியும் சரியாக வராது. உதவிப்படமும் வரைமுறையும் எழுதப்படவே இல்லை. 44ஆம் வினாவில் வளைவரை சரியாக இருந்தும் அளவுத்திட்டம் குறிக்கப்படவில்லை. இது அறியாமை அன்று, அவசரம். இவற்றுக்கு அடுத்தபடியாக, முக்கோணவியலில் ஏற்றக்கோண, இறக்கக்கோணக் கணக்குகளுக்குப் படம் வரையாமலேயே தீர்வைத் தொடங்கும் பழக்கத்தை நிறுத்த வேண்டும்.

அறிவியலில் உயிரியல் பகுதி நன்றாகவே இருக்கிறது, கணக்குகளில்தான் சரிவு. 10 ஓம், 15 ஓம் மின்தடைகளைப் பக்க இணைப்பில் இணைக்கும் கணக்கில் 1/R = 1/10 + 1/15 = 1/6 என்று சரியாக வந்த நீ, அதைத் தலைகீழாக்காமல் 1/6 ஓம் என்று விடை எழுதியிருக்கிறாய். பக்க இணைப்பில் தொகுபயன் மின்தடை, இருக்கும் தடைகளில் மிகச் சிறியதைவிடவும் குறைவாக வர வேண்டும். ஆனால் இந்த இரண்டு தடைகளுக்கு ஒரு ஓமுக்கும் கீழே போகாது என்று ஒரு கணம் யோசித்திருந்தால் 6 ஓம் என்பது உனக்கே தெரிந்திருக்கும். லென்சு சமன்பாட்டில் குறியீட்டு மரபு, மோல் கணக்குகள் ஆகிய இரண்டும் இதே நிலையில் உள்ளன.

தமிழில் அலகிடுதல் மட்டுமே கவலை தருகிறது. வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு ஆகிய நான்கில் ஒன்றாகவே முடியும் என்பது தெரிந்திருந்தும், அங்கே தேமா என்று எழுதியிருக்கிறாய். சமூக அறிவியலில் வரைபட வினாக்களும், ஆங்கிலத்தில் மனப்பாடச் செய்யுள் வரிகளும் கவனிக்கத் தக்கவை, மற்றவை பரவாயில்லை.

நாள்வாரி அட்டவணை: மார்ச் 1–28

பள்ளி நாள்களில் காலை 5.00 முதல் 6.30 வரையும், மாலை 6.30 முதல் 9.00 வரையும் படிக்க வேண்டும். மாலை வேளையின் நடுவே கால் மணி நேரம் எழுந்து நடக்கலாம். ★ குறி உள்ளவை நலிந்த பகுதிகள். அவை மூன்று நான்கு நாள் இடைவெளியில் ஒருமுறையும், பிறகு ஒரு வாரம் கழித்து ஒருமுறையும் திரும்ப வருமாறு அமைக்கப்பட்டுள்ளன.

| நாள் | காலை | மாலை |
|---|---|---|
| 1 சனி | ★ முக்கோணம் வரைதல் (நடுக்கோடு) | ★ மின்னோட்டவியல் கணக்குகள் |
| 2 ஞாயிறு | ★ முக்கோணம் வரைதல் (குத்துயரம்) | ★ இந்திய வரைபடம்: மலைகள், ஆறுகள் |
| 3 திங்கள் | ★ அலகிடுதல் | ★ ஒளியியல்: லென்சு சமன்பாடு |
| 4 செவ்வாய் | ★ இருபடிச் சமன்பாட்டு வரைபடம் | ★ மின்னோட்டவியல் மீண்டும். ஆங்கிலச் செய்யுள் |
| 5 புதன் | முக்கோணவியல் முற்றொருமைகள் | முதல் உலகப்போர், இரு போர்களுக்கு இடையில் உலகம் |
| 6 வியாழன் | ★ மோல் கணக்குகள் | ★ ஏற்றக்கோணம், இறக்கக்கோணம் |
| 7 வெள்ளி | ★ அலகிடுதல் மீண்டும். அணி | ★ லென்சு கணக்குகள் மீண்டும். ஆங்கில இலக்கணம் |
| 8 சனி | ★ வரைதல் ஒன்று, வரைபடம் ஒன்று, நேரம் குறித்து | விடுபட்டவற்றுக்கான நேரம் |
| 9 ஞாயிறு | 10.00–1.15 கணித மாதிரித் தேர்வு | ஓய்வு |
| 10 திங்கள் | மாதிரித் தேர்வில் தவறிய கணக்குகள் | ★ மோல் கணக்குகள் மீண்டும், கரைசல்கள் |
| 11 செவ்வாய் | ★ மின்னோட்டவியல், மூன்றாம் முறை | ★ தமிழ்நாடு வரைபடம், காலநிலை |
| 12 புதன் | எண்களும் தொடர்வரிசைகளும் | நரம்பு மண்டலம், மரபியல் |
| 13 வியாழன் | ★ தொடுகோடு வரைதல் | இந்திய அரசியலமைப்பு, மத்திய அரசு, மாநில அரசு |
| 14 வெள்ளி | ★ அலகிடுதல். ஆங்கிலச் செய்யுள் | ★ லென்சு கணக்குகள். இயக்க விதிகள் |
| 15 சனி | ஆயத்தொலை வடிவியல் | விடுபட்டவற்றுக்கான நேரம் |
| 16 ஞாயிறு | முழு ஓய்வு | முழு ஓய்வு |
| 17 திங்கள் | ★ ஏற்றக்கோணம், இறக்கக்கோணம் மீண்டும் | தேசியம்: காந்திய காலகட்டம் |
| 18 செவ்வாய் | ★ மோல் கணக்குகள், மூன்றாம் முறை | அளவியல் |
| 19 புதன் | ★ நேர், எதிர் மாறல் வரைபடங்கள் | கார்பனும் அதன் சேர்மங்களும் |
| 20 வியாழன் | புள்ளியியலும் நிகழ்தகவும் | தமிழ்நாட்டில் சமூக மாற்றங்கள். ★ வரைபடம் |
| 21 வெள்ளி | ★ வரைதல், இரு வகையும் | ஆங்கிலம்: துணைப்பாடம், கடிதம் |
| 22 சனி | 10.00–1.15 அறிவியல் மாதிரித் தேர்வு | தவறியவை, விடுபட்டவை |
| 23 ஞாயிறு | தமிழ்: முதல் மூன்று இயல்கள் | ஓய்வு |
| 24 திங்கள் | தமிழ்: மனப்பாடப் பாடல்கள் | தமிழ்: நான்கு முதல் ஆறு வரையிலான இயல்கள் |
| 25 செவ்வாய் | கணிதம்: ஒரு வரைதல், ஒரு வரைபடம் | தமிழ்: ஏழு முதல் ஒன்பது வரையிலான இயல்கள் |
| 26 புதன் | ★ அலகிடுதல். இலக்கணம் முழுவதும் | தமிழ்: கட்டுரை, கடிதம் |
| 27 வியாழன் | தமிழ்: குறிப்பேட்டைப் புரட்டுதல் | 7.30க்குப் படிப்பு முடிவு |
| 28 வெள்ளி | தமிழ்த் தேர்வு | ஓய்வு |

சனிக்கிழமை மாலை வேண்டுமென்றே காலியாக விடப்பட்டுள்ளது. காய்ச்சல், விருந்தினர், மின்தடை என ஏதாவதொரு காரணத்தால் ஒரு வேளை தவறிப்போனால், அதை மறுநாளுக்குத் தள்ளாமல் நேரே அந்தச் சனிக்கிழமை மாலைக்குக் கொண்டுபோக வேண்டும்; மறுநாளின் வேலையோடு அதைச் சேர்த்தால் இரண்டும் அரைகுறையாக முடிந்து, ஒரே வாரத்தில் அட்டவணையே கைவிடப்படும். சனிக்கிழமையிலும் முடியாதது அப்படியே கிடக்கட்டும். எக்காரணம் கொண்டும் அது ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்குள் நுழையக் கூடாது.

மார்ச் 16 முழு ஓய்வு என்பதைப் பார்த்ததும் உன் அப்பா முகம் சுளிப்பார் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னதாக இரண்டு வாரமும் பின்னதாக ஒரு வாரமும் தொடர்ந்து ஐந்து மணிக்கு எழப்போகும் பிள்ளைக்கு அந்த ஒரு நாள் தேவை. அன்று கிரிக்கெட் ஆடலாம், தூங்கலாம், பாட்டி வீட்டுக்குப் போகலாம். கைப்பேசியில் பாடக் காணொளி பார்ப்பது ஓய்வில் சேராது. எல்லா நாளும் இரவு 9.45க்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். பதினொரு மணி வரை புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னார். உன் கணித விடைத்தாளில் தவறுகள் பின்பகுதியில்தான் குவிந்திருக்கின்றன என்பதோடு இதைச் சேர்த்துப் பார்க்கிறேன்.

மாதிரித் தேர்வுகளை உண்மையான தேர்வு நேரத்திலேயே எழுத வேண்டும். 10.00 முதல் பத்து நிமிடம் வினாத்தாளை வாசிக்கவும், அடுத்த ஐந்து நிமிடம் முகப்புத் தாள் விவரங்களைச் சரிபார்க்கவும், 10.15 முதல் 1.15 வரை எழுதவும் பழகிக்கொள். கணிதத்தில் 43, 44ஆம் வினாக்களை 12.15க்குள் தொடங்கிவிட வேண்டும்.

தேர்வுகளுக்கு இடையிலான நாள்கள்

| நாள் | காலை | மாலை |
|---|---|---|
| மார்ச் 29 | பகல் முழுவதும் ஓய்வு | ஆங்கிலம்: செய்யுள் |
| மார்ச் 30, 31 | ஆங்கிலம்: உரைநடை, இலக்கணம் | ★ கணிதம்: வரைதல், வரைபடம் |
| ஏப்ரல் 1 | ஆங்கிலம்: துணைப்பாடம், கடிதம் | ஆங்கிலம், 7.30 வரை |
| ஏப்ரல் 3, 4 | இயல் 1 முதல் 4 வரை | இயல் 5, 6 |
| ஏப்ரல் 5 | இயல் 7, 8 | ★ வரைதல், வரைபடம் |
| ஏப்ரல் 6 | ஒரு மதிப்பெண் வினாக்கள், சூத்திரங்கள் | 7.30 வரை |
| ஏப்ரல் 8 | இயற்பியல், ★ கணக்குகள் | வேதியியல் |
| ஏப்ரல் 9 | உயிரியல் | உயிரியல் |
| ஏப்ரல் 10 | ★ எல்லாக் கணக்கு வகையிலும் ஒவ்வொன்று | உயிரியல் படங்கள், 7.30 வரை |
| ஏப்ரல் 12 | வரலாறு | வரலாறு |
| ஏப்ரல் 13 | புவியியல், ★ வரைபடங்கள் | குடிமையியல் |
| ஏப்ரல் 14 | பொருளியல், ஒரு மதிப்பெண் வினாக்கள் | ★ வரைபடங்கள், 7.30 வரை |

ஒவ்வொரு தேர்வு நாளிலும் வீடு திரும்பியதும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கு. எழுதி முடித்த வினாத்தாளுக்கு நண்பர்களோடு விடை சரிபார்ப்பது வேண்டாம். மார்ச் 30 தெலுங்குப் புத்தாண்டு, 31 ரம்ஜான். இரண்டு நாளும் தெருவில் ஆட்கள் வருவதும் போவதுமாக இருப்பார்கள் என்பதால், காலை வேளையைத் தவறவிடாதே. ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டு, சமூக அறிவியல் தேர்வுக்கு முந்தைய நாளில் வருகிறது. பெற்றோரிடம் என் வேண்டுகோள் இதுதான்: வீட்டுப் பூசையும் மதியச் சாப்பாடும் இருக்கட்டும், உறவினர் வீடுகளுக்குச் செல்வதையும் உறவினரை அழைப்பதையும் 15ஆம் தேதி மாலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்த அட்டவணையைப் படிக்கும் மேசைக்கு மேலே ஒட்டிவைத்து, முடித்த வேளைகளைப் பென்சிலால் அடித்துவிடு. வரைதல் பயிற்சித் தாள்களைத் திங்கட்கிழமைதோறும் முதல் மணிக்கு முன்பு என்னிடம் காட்ட வேண்டும். மார்ச் 10 அன்று 90° கோடு இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

வகுப்பாசிரியர்
பிப்ரவரி 28, 2025