கோடிட்ட இடங்களை நிரப்புக: தாமிரபரணிக் கரை

வகுப்பு 7. கீழே உள்ள பெட்டியிலிருந்து பொருத்தமான சொல்லைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

(மாணவர்களுக்கு: அச்சில் பெட்டி விடுபட்டுவிட்டது. தாள் வீணில்லை. கோட்டுக்குப் பின்னால் நிற்கும் எழுத்தைப் பாருங்கள். அதுவே பாதி விடை சொல்லும். மீதியை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதலாம். பொருந்தும் சொல் எதுவானாலும் மதிப்பெண் உண்டு.)

தாமிரபரணி ............ மலையில் பிறந்து, புன்னைக்காயல் அருகே ............ வளைகுடாவில் கலக்கிறது. 1843இல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலம் திருநெல்வேலியையும் ............யையும் இணைக்கிறது.

பத்தமடையில் பாய் நெய்வோர் நீர்க்கரையில் வளரும் ............ப் புல்லை அறுத்துக் காயவைக்கிறார்கள். பிறகு ............ல் ஊறவைத்து, மெல்லிய நாராகக் கிழிக்கிறார்கள். பாவாக ............ நூலைக் கட்டி, நாரை ஒவ்வொன்றாக ஊடே செலுத்துகிறார்கள். நார் எவ்வளவு மெல்லியதோ, பாய் அவ்வளவு ............யாக இருக்கும், நெய்து முடிக்க அவ்வளவு............ம் ஆகும். (இந்தப் பத்தியை அவசரப்படாமல் எழுதுங்கள். பத்தமடைப் பிள்ளைகள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.)

நெல்லையப்பர் கோயிலில் தட்டினால் ............ எழுப்பும் கல்தூண்கள் உள்ளன.

அல்வாவுக்கு ............யை ஊறவைத்து அரைத்துப் பால் எடுக்கிறார்கள். அதைச் சர்க்கரையும் ............யும் சேர்த்து, அடிப்பிடிக்காமல் கிண்டுகிறார்கள்.

கூந்தன்குளத்துக்கு வெளிநாடுகளிலிருந்தும் ............கள் வருகின்றன.

ஒரு கோட்டுக்கு இரண்டு சொற்கள் பொருந்தினால் இரண்டையும் எழுதி, எது சிறந்தது என்பதற்கான காரணத்தையும் ஒரு வரியில் எழுதுக.